போனில் மணி அடிக்கிறது, வீட்டுக்குள் சத்தமில்லை: வீடியோ டோர்பெல்லின் சைமைச் சோதிக்கும் முறை

வாசலில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். போனில் அறிவிப்பு வருகிறது, படமும் தெளிவாகத் தெரிகிறது. ஹால் சுவரில் இருக்கும் சைம் பெட்டி மட்டும் வாய் திறப்பதில்லை. சில வீடுகளில் "டுக்" என்று ஒரு மெல்லிய தட்டல் கேட்கும், சில வீடுகளில் யாரும் அழுத்தாமலே பெட்டி ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே குடும்பத்துக் கோளாறுகள்தான். டோர்பெல் பழுது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டி, அதுவும் அடிக்காமல் போன பிறகுதான் பெரும்பாலானோர் வயரைப் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் மிச்சம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டொரோண்டோ, ஸ்கார்பரோ பக்கத்துத் தனிவீடுகளில் வழக்கமாகக் காணும் அமைப்பு. 1980களில் கட்டிய இரண்டு மாடி வீடு. பேஸ்மென்டில் மின் பேனலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு டிரான்ஸ்பார்மர். அதன் மேல் 16 வோல்ட், 10 வி.ஏ. என்று பொறித்திருக்கும்; வி.ஏ. என்பது அது கொடுக்கக்கூடிய மின்திறனின் அளவு, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது. ஹாலில் "டிங்-டாங்" அடிக்கும் பழைய மெக்கானிக்கல் சைம். முன்கதவில், பழைய பொத்தான் இருந்த இடத்தில் வயர் இணைப்புள்ள வீடியோ டோர்பெல்.

மேற்கொண்டு போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும்பாலான வீடுகளில் காலிங் பெல் சுவிட்சுக்கு 230 வோல்ட் நேரடியாக வருகிறது, நடுவில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. கீழே சொல்லும் "வயரை முட்டவைக்கும்" சோதனையை அங்கே செய்தால் உயிருக்கே ஆபத்து. இது வட அமெரிக்க வீடுகளின் தாழ்மின்னழுத்தச் சுற்றுக்கு மட்டும். இங்கேயும் வாசலில் மீட்டர் 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

சுற்று எப்படி ஓடுகிறது

டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் சைம் பெட்டிக்கு வருகின்றன. கதவிலிருந்தும் இரண்டு வயர்கள் அதே பெட்டிக்கு வருகின்றன. டிரான்ஸ்பார்மர் வயர்களில் ஒன்று "டிரான்ஸ்" என்ற ஸ்க்ரூவில் ஏறும். கதவு வயர்களில் ஒன்று "ஃப்ரன்ட்" ஸ்க்ரூவில் ஏறும். மீதமிருக்கும் இரண்டும் பெட்டிக்குப் பின்னால், சுவரின் ஓட்டைக்குள், ஒன்றோடொன்று முறுக்கிவிடப்பட்டிருக்கும். இந்த மூன்றாவது இணைப்பை நினைவில் வையுங்கள். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

ஆக, டிரான்ஸ்பார்மர், சைமுக்குள் காந்தம்போல் இழுக்கும் செப்புச் சுருளான காயில், வாசல் பொத்தான் மூன்றும் ஒரே வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பழைய பொத்தான் இருந்த காலத்தில், அழுத்தாதபோது வளையம் அறுந்து கிடந்தது. அழுத்தினால் வளையம் மூடியது, காயில் இரும்புக் கம்பியை இழுத்தது, அது ஒரு தகட்டில் மோதி "டிங்" என்றது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் கம்பியைத் திருப்பித் தள்ள, அது அடுத்த தகட்டில் மோதி "டாங்" என்றது.

வீடியோ டோர்பெல் வந்ததும் இந்த ஒழுங்கு மாறிவிட்டது. கேமராவுக்கும் வைஃபைக்கும் இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். அதை அது எடுத்துக்கொள்ளும் வழி இதே வளையம்தான். அதாவது, யாரும் அழுத்தாதபோதும் சைம் காயிலின் ஊடாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கிறது. கம்பியை இழுக்கும் அளவுக்கு அது இல்லை என்பதால் சத்தம் வராது. பொத்தானை அழுத்தும்போது டோர்பெல் தன் இரண்டு முனைகளையும் உள்ளுக்குள் ஒரு கணம் இணைத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் முழு மின்னழுத்தமும் காயிலுக்குப் போகும், டோர்பெல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த இடைவெளியைத் தன்னுள் இருக்கும் சிறு பேட்டரியாலோ மின்தேக்கியாலோ அது சமாளித்துக்கொள்கிறது.

இங்கிருந்துதான் சிக்கல் பிறக்கிறது. பழைய பொத்தானுக்கு அந்த ஒரு கணத்தில் மட்டும் போதுமான மின்சாரம் இருந்தால் போதும். டிரான்ஸ்பார்மர் சோர்ந்திருந்தாலும், இணைப்பு ஒன்று பச்சை பிடித்திருந்தாலும் மணி எப்படியோ அடித்துவிடும். வீடியோ டோர்பெல்லோ ஓய்விலும் இழுக்கிறது. இரவில் இருட்டில் பார்க்கும் விளக்குகள் எரியும்போது இன்னும் அதிகம் இழுக்கிறது. முப்பது வருஷமாக மறைந்துகிடந்த குறை இப்போது வெளியே வருகிறது.

முதலில் செயலி, பிறகு மூடி

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் போனில் டோர்பெல் செயலியைத் திறந்து, வீட்டு மணி பற்றிய அமைப்பைத் தேடுங்கள். மெக்கானிக்கல், டிஜிட்டல், எதுவுமில்லை என்று மூன்று தேர்வுகள் இருக்கும். "எதுவுமில்லை" என்று இருந்தால் டோர்பெல் மணியை அடிக்க முயற்சியே செய்யாது. இதற்கு ஒரு நிமிடம் போதும், இதை விட்டுவிட்டு அரைநாள் வயரைத் தோண்டக் கூடாது.

சில செயலிகளில் டோர்பெல்லின் நிலையைக் காட்டும் பக்கத்தில் மில்லிவோல்ட் கணக்கில் ஓர் எண் தெரியும், 3,900 என்பது போல. அதை டிரான்ஸ்பார்மரின் அளவு என்று நினைத்து "என் வீட்டில் 4 வோல்ட்தான் வருகிறது" என்று பதறுபவர்கள் உண்டு. அது டோர்பெல்லின் உள்ளே இருக்கும் சேமிப்பின் அளவு. நம் கையிலிருக்கும் மீட்டரின் எண்ணோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை.

அடுத்து சைம் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் மேலே தூக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே தேடவேண்டியது, ஃப்ரன்ட் ஸ்க்ரூவுக்கும் டிரான்ஸ் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு துண்டு வயர் பாலம் போட்டிருக்கிறதா என்று. சில டோர்பெல் மாடல்கள் இந்த ஜம்பர் வயரோடுதான் விற்கப்படுகின்றன. சைமை ஒதுக்கிவிட்டு டோர்பெல்லுக்கு மட்டும் மின்சாரம் போகும்படி செய்யப்பட்ட வடிவமைப்பு அது. அந்த வகை டோர்பெல்லில் வீட்டுச் சைம் அடிக்கவே அடிக்காது, அது பழுது அல்ல. தனியாகச் சொருகும் வயர்லெஸ் சைம் வாங்குவது ஒன்றுதான் வழி. பழைய டோர்பெல்லை மாற்றிப் புதிய மாடல் போட்டவர்கள், முந்தைய ஜம்பரை உள்ளேயே மறந்துவிடுவதும் உண்டு.

ஜம்பர் இருக்கும்போது வாசலில் வயரை முட்டவைத்தால் டிரான்ஸ்பார்மர் நேரே ஷார்ட் ஆகும். அதனால்தான் மூடியைக் கழற்றிப் பார்ப்பது முதலில் வருகிறது. டோர்பெல்லோடு வந்த சிறு பவர் மாட்யூல் ஃப்ரன்ட்-டிரான்ஸ் நடுவில் மாட்டியிருந்தால் அதையும் சோதனை முடியும்வரை கழற்றிவையுங்கள். எந்த வயர் எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்று கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

முட்டவைக்கும் சோதனை

பேனலில் டோர்பெல்லுக்கான பிரேக்கரை அணைத்துவிட்டு, டோர்பெல்லைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு வயர்களையும் விடுவியுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்துவிட்டு, பிரேக்கரைத் திரும்பப் போடுங்கள். இப்போது காப்புறையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு செப்பு முனைகளையும் ஒரு வினாடி தொடவைத்து எடுங்கள். சிறு பொறி தெரியலாம், அது இயல்பு.

தொட்டதும் "டிங்", எடுத்ததும் "டாங்" என்று உரக்கக் கேட்டால் டிரான்ஸ்பார்மர், வயர், சைம் மூன்றும் பழைய பொத்தானுக்குப் போதுமான நிலையில் இருக்கின்றன. கோளாறு டோர்பெல், அதன் அமைப்பு, பவர் மாட்யூல், இல்லையேல் டிரான்ஸ்பார்மரின் திறன் என்று குறுகிவிடும். ஒன்றும் கேட்கவில்லை, அல்லது "டுக்" என்று மட்டும் கேட்கிறது என்றால் டோர்பெல்லை ஓரமாக வைத்துவிடலாம். அதில் குற்றமில்லை, குறை சுவருக்குள் இருக்கிறது. இந்த ஒரு வினாடிச் சோதனை பிரச்சினையை இரண்டாக வெட்டிவிடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்தாலும் முதலில் செய்யப்போவது இதைத்தான்.

எடுத்துக்கொண்ட வீட்டில் கேட்டது "டுக்". கம்பி அசைகிறது, தகட்டை எட்டவில்லை.

அப்படி அரைகுறையாக அசைந்தால் முதலில் கம்பியை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய், விட்டதும் ஸ்பிரிங்கால் திரும்பிவர வேண்டும். தூசும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மந்தமாக நகர்ந்தால், கம்பியையும் அது ஓடும் குழாயையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு தூசு அதில் அப்பி முன்பைவிட மோசமாகும். இந்த வீட்டில் கம்பி தாராளமாகவே ஓடியது.

மீட்டர் சொல்லும் பொய்

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். அலைபோன்ற குறி போட்ட V அது. நேர்க்கோட்டுக் குறியுள்ள டிசியில் வைத்து அளந்து, பூஜ்யத்தைக் கண்டு, நல்ல டிரான்ஸ்பார்மரைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

டிரான்ஸ்பார்மரின் வெளிப்புற ஸ்க்ரூக்கள் இரண்டிலும் மீட்டரை வைத்தால் 18.4 வோல்ட். 16 வோல்ட் என்று பொறித்ததில் சுமை இல்லாதபோது 18, 19 வருவது சரியான அளவுதான். வாசல் வயர்களில் வைத்தாலும் 18.4. இதைக் கண்டதும் "வோல்டேஜ் நன்றாக வருகிறது, டோர்பெல்தான் பழுது" என்ற தீர்ப்புக்கு வந்துவிடுவார்கள். இந்த வேலையில் மிகப் பெரிய ஏமாற்று இதுதான்.

மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. வயரில் ஒரே ஒரு நரம்பு மட்டும் அறுபடாமல் இருந்தாலும், இணைப்பு முழுக்கக் கறுத்திருந்தாலும், மீட்டரின் துளி மின்சாரம் அதன் ஊடாகத் தடையின்றிப் போய்விடும், முழு மின்னழுத்தமும் தெரியும். ஏறக்குறைய ஓர் ஆம்பியர் கேட்கும் காயில் மாட்டினால்தான் அந்த இடத்தின் தடை தன் முகத்தைக் காட்டும். ஆகவே சுமையோடு அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஒருவர் வாசலில் வயர்களோடு நிற்கட்டும், மற்றவர் சைம் பெட்டியில் மீட்டரோடு. மீட்டர் முட்களை டிரான்ஸ், ஃப்ரன்ட் ஸ்க்ரூக்களில் வைத்துக்கொண்டு "தம்பி, முட்டு" என்று குரல் கொடுத்து, எண் நின்றதும் "காணும், விடு" என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. காயில் விட்டுவிட்டு வேலை செய்யச் செய்யப்பட்டது, தொடர்ந்து மின்சாரம் ஓடினால் சூடேறிக் கருகும். ஒவ்வோர் அளவுக்கும் நடுவில் அரை நிமிடம் ஆறவிடுங்கள்.

இப்போது கிடைத்த எண்கள்: காயிலில் 9.5 வோல்ட். டிரான்ஸ்பார்மரின் முனையில், அதேபோல் முட்டவைத்தபடி அளந்தால், 14.5 வோல்ட். 18.4 இருந்த டிரான்ஸ்பார்மர் சுமை வந்ததும் 14.5க்கு இறங்குகிறது. புறப்பட்ட 14.5இல் 5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. இரண்டும் வெவ்வேறு குறைகள், தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும்.

காணாமல் போன 5 வோல்ட்

வயரே கொஞ்சம் தின்னும், அது எவ்வளவு என்று கணக்குப் போடலாம். இந்த வீட்டில் ஓடுவது 22 கேஜ் பெல் வயர். பேனலிலிருந்து சைமுக்கு ஏறக்குறைய 40 அடி, சைமிலிருந்து வாசலுக்கு 25 அடி. போக வர இரண்டு மடங்கு, மொத்தம் 130 அடி செம்பு. 22 கேஜ் செப்பு வயருக்கு 1,000 அடிக்குச் சுமார் 16 ஓம் தடை. 130 அடிக்கு 2.1 ஓம். ஓர் ஆம்பியர் ஓடினால் சுமார் 2 வோல்ட் வயரிலேயே போகும். காயில் உள்ள ஏசி சுற்றில் இப்படிக் கூட்டிக் கழிப்பது நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் இந்த வேலைக்கு இது போதும்.

2 வோல்ட் வயருக்கு என்றால் மீதி 3 வோல்ட் எங்கே? வயர் எங்கெல்லாம் இணைகிறதோ அங்கே. சுவர் ஓட்டைக்குள் இருக்கும் அந்த மூன்றாவது இணைப்பை மெதுவாக வெளியே இழுத்தால், காய்ந்து பொடியாகும் கறுப்பு டேப். அதைப் பிரித்தால், இரண்டு வெள்ளை வயர்கள் ஒன்றரைச் சுற்று மட்டும் முறுக்கப்பட்டிருக்கின்றன. செம்பு பழைய காசைப் போல் கறுத்திருக்கிறது. அசைத்தால் ஒன்றின் மேல் ஒன்று உருள்கிறது.

சந்தேகத்தை உறுதி செய்ய நேரடி வழி உண்டு. மீட்டரின் ஒரு முள்ளை இணைப்பின் இந்தப் பக்கத்து வயரிலும், மற்றதை அந்தப் பக்கத்து வயரிலும் வைத்து, வாசலில் முட்டச் சொல்ல வேண்டும். நல்ல இணைப்பின் இரு பக்கத்துக்கும் நடுவில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். இங்கே 3.0 வோல்ட் காட்டியது. அந்த 3 வோல்ட் மணியாக ஒலிக்காமல் டேப்புக்குள் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. இதே முறையில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அதில் ஏறிய வயருக்கும் நடுவிலும் அளந்து பார்க்கலாம். தளர்ந்த ஸ்க்ரூ இருந்தால் தானே காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்வது எளிது. பிரேக்கரை அணைத்துவிட்டு, கறுத்த முனைகளை வெட்டி எறிந்து, இரண்டிலும் அரை அங்குலம் புதுச் செம்பு தெரியும்படி காப்புறையைச் சீவி, இணையாகப் பிடித்து இடுக்கியால் இறுக்கி முறுக்கி, வயர் முனைகளைக் கவ்வும் திருகு மூடியான மாரெட்டில் சின்ன அளவு ஒன்றைத் திருகிவிட வேண்டும். பெரிய மாரெட் இந்த மெல்லிய வயரைக் கவ்வாது. ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இன்னும் இறுகவில்லை. ஸ்க்ரூக்களில் ஏறிய முனைகளையும் அதேபோல் புதிதாகச் சீவி, கடிகாரம் சுற்றும் திசையில் வளைத்து மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்க்ரூவை முடுக்கும்போது வயர் உள்ளே இழுபடும், வெளியே பிதுங்காது.

மறுபடி முட்டினால் காயிலில் 11.4 வோல்ட், டிரான்ஸ்பார்மரில் 13.8. மணி அடித்தது, தெளிவான "டிங்-டாங்". தடை குறைந்ததால் மின்சாரம் கூடியது, அதனால்தான் டிரான்ஸ்பார்மரின் எண் முன்பைவிடக் கொஞ்சம் கீழே வந்திருக்கிறது. இணைப்பைச் சரிசெய்த பிறகு அந்த எண் குறைந்தால் பயப்பட வேண்டாம்.

வாசலில் முட்டி ஒன்றுமே அசையாத வீடுகளில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. சைம் பெட்டியிலேயே ஒரு துண்டு வயரால் ஃப்ரன்ட் ஸ்க்ரூவை அந்த மூன்றாவது இணைப்போடு ஒரு வினாடி தொடவையுங்கள். மணி அடித்தால் கதவுக்குப் போகும் வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் கதவு நிலையில் அடித்த ஆணியோ ஸ்க்ரூவோ குத்தியிருக்கும். அப்போதும் அடிக்காமல், டிரான்ஸ் ஸ்க்ரூவுக்கும் அந்த இணைப்புக்கும் நடுவில் 16 வோல்ட்டுக்கு மேல் வந்தால், பிரேக்கரை அணைத்து, சைம் வயர்களைக் கழற்றி, காயிலை ஓமில் அளக்கலாம். சில ஓம்கள் முதல் சில பத்து ஓம்கள் வரை காட்டினால் காயில் உயிரோடிருக்கிறது. திரையில் `OL` என்று வந்தால் கருகி அறுந்துவிட்டது, சைமையே மாற்ற வேண்டும்.

10 வி.ஏ. ஏன் போதாது

மணி அடித்ததும் டோர்பெல்லைத் திரும்ப மாட்டியாயிற்று. பகலில் எல்லாம் சரி. இருட்டியதும் படம் அறுகிறது, சில வேளை டோர்பெல் தானாக அணைந்து எழுகிறது, அழுத்தினால் சைமில் பாதி நேரம் சத்தமில்லை. முட்டவைக்கும் சோதனையில் தேறிய சுற்று டோர்பெல்லோடு தோற்கிறது.

10 வி.ஏ. என்றால் 16 வோல்ட்டில் 0.6 ஆம்பியரைச் சற்றே தாண்டும் அளவு, அவ்வளவுதான். பொத்தான் காலத்து வீட்டுக்கு அது ஏராளம். வீடியோ டோர்பெல்லின் கையேட்டில் 16 முதல் 24 வோல்ட், 10 முதல் 40 வி.ஏ. என்பது போல ஒரு வரம்பு போட்டிருக்கும். 10 அந்த வரம்புக்குள் இருக்கிறதே என்று தோன்றும். அது விளிம்பு. வயரில் 2 வோல்ட் போய், காயிலில் கொஞ்சம் போய், இரவு விளக்கும் எரிந்தால், மிச்சத்தில் உள் சேமிப்பு நிரம்புவதில்லை. சேமிப்பு குறைந்தால் பல டோர்பெல்கள் முதலில் கைவிடுவது சைமைத்தான், ஏனென்றால் மணியடிக்கும் கணத்தில் தனக்கு மின்சாரம் கிடைக்காது என்று அதற்குத் தெரியும். கனடாக் குளிரில் உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள மாடல்களுக்கு இன்னொரு இடி: உறைநிலைக்குக் கீழே அந்தப் பேட்டரி சார்ஜ் ஏறாது. "குளிர்காலத்தில் மட்டும் அடிப்பதில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும்.

வாங்க வேண்டியது 16 வோல்ட், 30 வி.ஏ., கிளாஸ் 2 டிரான்ஸ்பார்மர், சி.எஸ்.ஏ. போன்ற கனடா அங்கீகார முத்திரையோடு. 24 வோல்ட் எடுத்தால் இன்னும் பலமாக அடிக்கும் என்று ஆசைப்பட வேண்டாம். 16 வோல்ட்டுக்குச் செய்த பழைய சைம் ரீங்காரமிடும், காயில் சூடேறும். தேவை அழுத்தம் அல்ல, கொடுக்கும் திறன். கையேட்டில் போட்ட உச்ச வி.ஏ.வையும் தாண்டக் கூடாது.

நம் கைவேலை இத்தோடு நிற்கிறது. டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்துக் கறுப்பு, வெள்ளை, பச்சை வயர்கள் பேனலுக்குள்ளோ பெட்டிக்குள்ளோ 120 வோல்ட்டில் ஏறுகின்றன. டோர்பெல் பிரேக்கரை அணைத்தாலும் பேனலுக்குள் வரும் பிரதான வயர்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒன்டாரியோவில் காசு கொடுத்து இந்த வேலையைச் செய்விப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். தாழ்பக்க ஸ்க்ரூக்களில் சுமையில்லாமலும் பூஜ்யம் காட்டுகிறது, பிரேக்கரும் போட்டபடிதான் இருக்கிறது என்றாலும், கையில் பிடிக்க முடியாத சூடோ கருகிய வாசனையோ இருந்தாலும், அதே முடிவுதான். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு.

அழைக்கும்போது "பெல் அடிக்குதில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று சொல்வதற்கும், "டிரான்ஸ்பார்மர் 16 வோல்ட், 10 வி.ஏ., பேனலின் இடப் பக்கத்தில், சுமையில்லாமல் 18.4, சுமையோடு 13.8; வயரும் சைமும் பார்த்தாயிற்று; 30 வி.ஏ. மாற்ற வேண்டும்" என்று சொல்வதற்கும் கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். கோளாறைத் தேடும் நேரம் அதில் கழிந்துவிடுகிறது.

புதிய டிரான்ஸ்பார்மர் ஏறிய பின் அளவுகள்: சுமையில்லாமல் 18.0, சுமையோடு 16.4, காயிலில் 13.5. முதலில் இருந்த 9.5ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்பி ஏன் தகட்டை எட்டவில்லை என்பது புரியும்.

கடைசியாக அந்தச் சின்னப் பெட்டி

டோர்பெல்லோடு அட்டைப் பெட்டியில் வந்த பவர் மாட்யூலைப் பலர் உபரி என்று நினைத்து இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அதன் வேலை, ஓய்வில் இருக்கும்போது கசியும் மின்சாரத்தைக் காயில் வழியே விடாமல் பக்கவாட்டில் கடத்துவது. அது இல்லாமல் 30 வி.ஏ. டிரான்ஸ்பார்மரைப் போட்டால், இரவு விளக்கு எரியும்போது காயில் மெல்ல முனகத் தொடங்கும். சில வேளை கம்பி பாதி இழுபட்டு நிற்கும், "டிங்" வராமல் "டாங்" மட்டும் வரும்.

மாட்யூலின் இரண்டு வயர்களும் ஃப்ரன்ட், டிரான்ஸ் ஸ்க்ரூக்களில் ஏறுகின்றன, ஏற்கெனவே அங்கிருக்கும் வயர்களோடு சேர்த்து. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கூட வந்த படத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். தவறுதலாக ஃப்ரன்டுக்குப் பதில் ரியர் ஸ்க்ரூவில் ஏற்றினால் முனகல் அப்படியே இருக்கும். பெட்டியை இரட்டை ஒட்டுப் பட்டையால் சைமின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், கம்பி ஓடும் வழியிலோ தகடுகளின் மேலோ படக் கூடாது. தகட்டில் ஏதாவது சாய்ந்திருந்தால் மணி ஒலிக்காது, மரத்தைத் தட்டிய மாதிரி இருக்கும்.

பிறகு மறுபடி செயலி. மெக்கானிக்கல் சைமுக்கு மெக்கானிக்கல் என்றே வையுங்கள். டிஜிட்டல் என்று வைத்தால், மெட்டு முழுக்க இசைக்க வேண்டும் என்று நினைத்து டோர்பெல் பல வினாடிகள் வளையத்தை மூடியே வைத்திருக்கும். "டிங்" கேட்கும், "டாங்" வெகுநேரம் கழித்து வரும், அதற்குள் காயில் சூடேறும். மாறாக, மின்னணுச் சைம் உள்ள வீட்டில் மெக்கானிக்கல் என்று வைத்தால் மெட்டின் முதல் துணுக்கு மட்டும் கேட்டு அறுந்துவிடும்.

டோர்பெல்லை மாட்டி, சேமிப்பு நிரம்ப அரை மணி நேரமாவது விட்டு, அதன்பிறகு அழுத்திப் பாருங்கள். மாட்டியதும் அழுத்தி, அடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவது வழக்கமாக நடப்பது. இரவில் ஒருமுறை, விளக்குகள் எரியும்போது, திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கார்பரோ வீட்டுச் சைமின் மூடிக்கு உட்புறம் இப்போது ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறது: 16 வோல்ட், 30 வி.ஏ., சுமையோடு 16.4, காயிலில் 13.5, மாற்றிய தேதி.